துரத்தலுக்கு முன்னால் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள்

கேள்வி: வணக்கம். நான் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர்க்காரி. எங்கள் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றை வைத்துக் குறுநாவல் எழுதுகிறேன். பூட்டிக் கிடக்கும் வீட்டில் பழைய பொருள் திருட வந்த இரண்டு பேர், வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகன் முத்துவை (14 வயது) துரத்துகிறார்கள். வேகம் வேண்டுமே என்று எல்லா வாக்கியத்தையும் குட்டியாக வெட்டினேன். படித்துப் பார்த்த என் அண்ணன், "வேகமாத்தான் இருக்கு, ஆனா எவன் எங்க நிக்கிறான்னு ஒண்ணும் புரியல" என்கிறார். வர்ணனை சேர்த்தால் ஓட்டம் நின்றுவிடுகிறது. எடுத்தால் வீடே காணாமல் போகிறது. என்ன செய்வது? பத்தியை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய பத்தியின் நடுப்பகுதியை அப்படியே கீழே தருகிறேன். இதை வைத்துப் பேசினால்தான் இருவருக்கும் தெளிவாக இருக்கும்.

"முத்து ஓடினான். வளவுக்குள் பாய்ந்தான். திரும்பினான். தூணைச் சுற்றினான். அவர்கள் வந்தார்கள். மறுபடி ஓடினான். கதவைத் தள்ளினான். இருட்டு. இதயம் படபடத்தது. திடீரென்று ஒரு கை நீண்டது. உதறினான். ஓடினான்."

பன்னிரண்டு வாக்கியங்கள். அதில் எட்டு 'ஆன்' என்று முடிகின்றன. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஒரே தாளத்தில் யாரோ மேசையைத் தட்டுவது மாதிரி கேட்கும். ஆனால் இந்தத் தாளத்தைச் சரிசெய்வது இரண்டாவது வேலை. முதல் வேலை வேறு. எந்தக் கதவைத் தள்ளினான்? கை எந்தப் பக்கமிருந்து நீண்டது? அவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? உங்களுக்கு அந்த வீடு மனப்பாடம் என்பதால் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளே ஒரு படம் ஓடியிருக்கும். அந்தப் படம் தாளில் இறங்கவில்லை. இடம் தெரியாத வாசகருக்கு வேகமும் தெரியாது. ஓடுகிறவன் தப்பிக்க எவ்வளவு தூரம் மிச்சம், துரத்துகிறவன் எவ்வளவு தூரத்தில், இந்த இரண்டு அளவும் தெரிந்தால்தான் பயம் வரும்.

உங்களுக்கு அமைந்த வீடு துரத்தலுக்கு என்றே கட்டினது போல இருக்கிறது. முகப்பு, பட்டாலை என்கிற கூடம், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. எல்லா வாசலும் ஒரே நேர்கோட்டில். கதவுகள் திறந்திருந்தால் முன்வாசலில் நிற்கிறவருக்குப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். இது அழகு மட்டும் இல்லை, முத்துவுக்கு ஆபத்தும்கூட. நேராக ஓடினால் கடைசி வரைக்கும் அவன் முதுகு தெரியும். வளவுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த சுற்று, சுற்றை ஒட்டி அறைகள். துரத்துகிறவன் ஒருத்தன் என்றால் முத்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றியே நாள் முழுக்க விளையாட்டுக் காட்டலாம். இரண்டு பேர் என்றால் ஆளுக்கு ஒரு பக்கமாக வருவார்கள், அதே வளவு பொறியாகிவிடும். அறைக்குள் போனாலோ, அந்த அறைகளுக்குச் சுற்றைப் பார்த்த ஒரே வாசல், உள்ளே இன்னொரு அறை, அதற்கு மேல் வழி இல்லை. இந்த மூன்று விஷயமும் வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால், முத்து ஓர் அறைப்பக்கம் தலையைத் திருப்பினாலே "போகாதேடா" என்று அவர் மனசு கத்தும். நீங்கள் ஒரு வார்த்தையும் கூடுதலாக எழுத வேண்டியதில்லை.

முன்பே என்றால் எப்போது? துரத்தலுக்குப் பத்துப் பதினைந்து பக்கம் முன்னால், அமைதியான ஒரு காட்சியில். உங்கள் கதையில் ஆச்சி ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கிப் போகிற அத்தியாயம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். சாயங்காலம் ஆச்சி முன்வாசலிலிருந்து பின்வாசல் வரைக்கும் நடந்து ஒவ்வொரு கதவாகச் சாத்தட்டும், முத்து விளக்கை ஏந்திக்கொண்டு கூடவே போகட்டும். அந்த நடையில் வாசகர் வீட்டைக் கற்றுக்கொள்வார், ஆனால் கற்றுக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஆச்சியின் பேச்சில்தான் அவர் கவனம் இருக்கும்.

அந்த நடையில் எல்லாவற்றையும் சொல்ல ஆசைப்படாதீர்கள். தேக்குத் தூண், முட்டைப் பூச்சுச் சுவர், பெல்ஜியம் கண்ணாடி என்று நம் ஊர் வீட்டுக்குப் பட்டியல் போட ஆரம்பித்தால் முடிவே கிடையாது. துரத்தலுக்கு வேண்டியது நாலே நாலு. வளவின் ஒரு பக்கம் ஊஞ்சல். எதிர்ப் பக்கம் மழைத் தண்ணீர் பிடிக்க வைத்த பெரிய பித்தளைக் கிடாரம். வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போகிற வாசலில் உயரமான நிலைப்படி. கடைசியாக, துருப்பிடித்த பின்கதவுத் தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாளிடம் கொஞ்சம் நில்லுங்கள். முத்து இழுக்கிறான், வரவில்லை. ஆச்சி, "தூக்கிட்டு இழுடா, இல்லேன்னா அது வராது" என்கிறார். இந்த ஒரு வரி பின்னால் உங்களுக்கு ஒரு பக்கம் மிச்சப்படுத்தும்.

ஊஞ்சலையும் கிடாரத்தையும் நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. நாம் பேச்சில் கிழக்குப் பக்கம், மேற்குப் பக்கம் என்போம். காரைக்குடியையே பார்க்காத வாசகருக்கு அது ஒட்டாது. இடது, வலது என்று எழுதினால் இன்னும் மோசம், முத்து ஒரு தடவை திரும்பினால் எல்லாம் தலைகீழ். பொருள் திரும்பாது. 'ஊஞ்சல் பக்கம்' என்றால் யார் எப்படித் திரும்பினாலும் அது ஊஞ்சல் பக்கம்தான்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். முத்து ஏன் வந்த வழியே தெருவுக்கு ஓடவில்லை? உங்கள் பிரதியில் இதற்குப் பதில் இல்லை. வந்தவர்கள் முன்கதவை உள்ளே பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்கள் என்று ஒரு வாக்கியம் போதும். வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டு ஒரே ஒரு வழி மிஞ்ச வேண்டும்.

சரி, இப்போது வாக்கியத்துக்கு வருவோம்.

குட்டி வாக்கியம்தான் வேகம் என்று நமக்கு யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தமிழில் அது பாதிதான் உண்மை. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, முற்றுப்புள்ளி வைக்கிற இடத்தில் வாக்கியம் காலை ஊன்றி நின்றுவிடும். 'பாய்ந்தான்' என்றதும் ஒரு செயல் முடிந்துபோனது. அடுத்த வாக்கியம் மறுபடி நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். பன்னிரண்டு முறை நின்று நின்று கிளம்பினால் அது ஓட்டம் இல்லை, நொண்டல். ஓட்டத்தைக் காட்ட நம்மிடம் வினையெச்சம் இருக்கிறது. 'வழுக்கி, கையூன்றி, எழுந்து, தாவி' என்று போகும்போது எதுவும் முடியவில்லை, வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வினைக்காகக் காத்திருக்கிறார். ஆக, தடையில்லாமல் ஓடுகிற இடத்துக்கு எச்சங்கள் கோத்த ஒரு நீள வாக்கியம். தடை வருகிற இடத்துக்கு, அதாவது முடிவெடுக்கிற கணம், கதவு, கை, விழுகை, இவற்றுக்குக் குட்டி வாக்கியம். நீளமும் குட்டியும் மாறி மாறி வந்தால்தான் குட்டி வாக்கியம் சுருக்கென்று குத்தும்.

எச்சக் கோவையும் ஐந்து, ஆறுக்கு மேல் போனால் தொய்ந்துவிடும். படிக்கிற ஆள் எழுவாயையே மறந்துபோவார்.

இதைவிடப் பெரிய தொல்லை பெயரெச்சம். 'நேற்றைய மழையில் நனைந்து பாசி படிந்து வழுக்கிக் கிடந்த கல்லில் கால் வைத்தான்' என்று எழுதினால், கல் என்ற சொல் வருகிற வரைக்கும் வாசகருக்கு எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாது. அமைதியான பத்தியில் இது அழகு. துரத்தலில் பொருளை முதலில் வையுங்கள்: 'கல். மழை ஈரம். கால் போய்விட்டது.' முத்துவுக்கு எந்த வரிசையில் தெரிந்ததோ அந்த வரிசையில் வாசகருக்கும் தெரிய வேண்டும். 'திடீரென்று', 'சட்டென்று', 'அதற்குள்' இவற்றை எடுத்துவிடுங்கள். திடீரென்று என்று எழுதியதுமே வாசகர் எச்சரிக்கையாகிவிடுகிறார், அப்புறம் அது திடீர் இல்லை. 'இதயம் படபடத்தது' வேண்டவே வேண்டாம். அது எந்த ஊரில் எந்தப் பையன் ஓடினாலும் நடக்கிற விஷயம், உங்கள் வீட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

வர்ணனை சேர்த்தால் ஓட்டம் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். நிற்காமல் சேர்க்கப் புலன் விவரம்தான் வழி. நான் பாதத்திலிருந்து தொடங்குவேன். முத்து வெறுங்காலோடு ஓடுகிறான். பட்டாலையில் ஆத்தங்குடிக் கல், வழவழவென்று குளிர்ச்சி. முற்றத்தில் கருங்கல், மழை பெய்திருந்தால் ஈரம். இரண்டாம் கட்டில் உங்கள் கதைப்படி சிமெண்டுத் தரை, சொரசொரப்பு. பின்வாசலைத் தாண்டினால் செம்மண். தரை மாறினால் இடம் மாறிவிட்டது என்று அர்த்தம். 'இப்போது அவன் இரண்டாம் கட்டுக்கு வந்துவிட்டான்' என்று நீங்கள் சொல்ல வேண்டாம், 'சிமெண்டு' என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரே சொல்லில் புலனும் இடமும் சேர்ந்து வந்துவிடும், ஓட்டமும் நிற்காது. உங்கள் அண்ணனின் குறைக்கும் உங்கள் தயக்கத்துக்கும் இதுதான் மருந்து.

அடுத்தது காது. ஓடுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் வேகம் போய்விடும். பின்னால் வருகிறவர்களை அவன் காதால்தான் அறிகிறான். அதனால் துரத்துகிற இருவருக்கும் வேறு வேறு சத்தம் கொடுங்கள். ஒருத்தனுக்கு ஷூ, இன்னொருத்தனுக்கு ரப்பர் செருப்பு. இதையும் முன்பே, அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே சொல்லிவிட வேண்டும். அப்புறம் ஆள் பெயரே வேண்டாம், 'ஷூ', 'செருப்பு' என்றாலே யார் எங்கே என்பது விளங்கும். தூரத்தைத் தூணால் அளக்கலாம். பத்தடி, இருபதடி என்று ஓடுகிற பையன் யோசிக்க மாட்டான். 'நாலு தூண் தூரம்' என்று யோசிப்பான், அந்தச் சுற்றில் விளையாடி வளர்ந்தவன் அவன்.

மூக்கை மட்டும் தள்ளிவையுங்கள். ஓடும்போது வாசனையில் மனசு போகாது, நின்றால்தான் போகும். நீங்கள் இரண்டாம் கட்டில் புளி வாசம், ஊறுகாய் ஜாடி வாசம், வௌவால் எச்சத்தின் நெடி என்று மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். நல்ல வரிகள், எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவை முத்து ஒளிந்துகொள்கிற இடத்துக்கு உரியவை. அங்கே மாற்றிவிடுங்கள்.

இவ்வளவையும் வைத்து அந்தப் பத்தியை நான் எழுதிப் பார்த்தேன். இதை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, உங்கள் நடை வேறு. வேலை எப்படி நடக்கிறது என்று காட்டத்தான். முத்து பட்டாலையை ஒட்டிய சுற்றில் நிற்கிறான், பின்னால் பூட்டிய முன்கதவு. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கத்து அறையிலிருந்து வெளியே வருகிறார்கள்.

"ஷூ ஊஞ்சல் பக்கம் வந்தது. செருப்பு கிடாரத்துப் பக்கம். அவசரப்படாமல் வந்தார்கள். ஐந்து தூண். நாலு. ஊஞ்சல் சங்கிலி யார் மேலோ உரசிக் கிணுங்கியது. மூன்று.

முற்றத்தில் குதித்தான்.

கல். ஈரம். வழுக்கி, கையூன்றி, எழுந்து, முற்றத்தைக் குறுக்கே கடந்து எதிர்ச் சுற்றில் தாவி ஏறி, நிலைப்படியைப் பார்க்காமலே கால் தூக்கித் தாண்டினான். சிமெண்டு. பின்னால் மரத்தில் எலும்பு மோதும் சத்தம். 'அம்மா' என்று ஒரு குரல். செருப்பு நின்றுவிட்டது.

ஷூ நிற்கவில்லை.

அடுப்படி. பின்கட்டு. கதவு. தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இழுத்தான். ஷூ இப்போது சிமெண்டில். துரு உள்ளங்கையில் உதிர்ந்தது. தூக்கு. தூக்கிட்டு இழு."

இதில் வர்ணனை என்று தனியாக ஒரு வரி இல்லை, ஆனால் வீடு இருக்கிறது. நிலைப்படி யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்பதுதான் இங்கே சண்டை. முத்து பழக்கத்தில் காலைத் தூக்குகிறான், வந்தவன் இடறுகிறான். பையனின் பலம் வேகத்தில் இல்லை, அந்த வீட்டைத் தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. 'ஷூ இப்போது சிமெண்டில்' என்ற வாக்கியம் தூரம், ஆள், இடம் மூன்றையும் சொல்லிவிடுகிறது. கடைசியில் வருவது ஆச்சியின் குரல். முத்துவுக்கு ஞாபகம் வந்தது என்றோ, ஆச்சி சொன்னாரே என்றோ எழுதவில்லை. வாசகருக்கே ஞாபகம் வரட்டும், அவர் முத்துவுக்கு ஒரு நொடி முன்னாலேயே கதவைத் திறந்திருப்பார். 'ஆன்' என்று முடிகிற வாக்கியம் மூன்றுக்குக் கீழே வைக்கப் பார்த்தேன், நாலு வந்துவிட்டது. இரண்டு 'இழுத்தான்' வேண்டுமென்றே வைத்தது.

ஒரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வீடு முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை 150 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு வயதுப் பையன் தடையில்லாமல் ஓடினால் பத்து விநாடிக்குள் கடந்துவிடுவான். உங்கள் துரத்தல் நாலு பக்கம். நாலு பக்கத்தை நிரப்ப அவனை மறுபடி மறுபடி ஓட விட்டிருக்கிறீர்கள், அதனால்தான் 'மறுபடி ஓடினான்' வருகிறது. ஓட்டத்தை நீட்ட முடியாது. நீட்ட வேண்டுமென்றால் அவனை நிறுத்தத்தான் வேண்டும். வளவில் இருவரும் நெருங்குகிற அந்த மெதுவான நேரம் ஒரு பக்கம் தாங்கும். இரண்டாம் கட்டில் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது இன்னொரு பக்கம். தாழ்ப்பாளுக்கு அரைப் பக்கம். ஓட்டம் மொத்தமாக ஏழெட்டு வரிதான். என் முதல் நாவலில் இந்தக் கணக்கைப் போடாமல், ஒரு ஆளை ஒரே அறைக்குள் இரண்டு தடவை நுழைய வைத்துவிட்டேன். நடுவில் அவன் வெளியே வரவே இல்லை. புத்தகமான பிறகு ஒரு வாசகர் கடிதம் எழுதித்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து துரத்தல் எழுதும்போதெல்லாம் ஒரு தாளில் வீட்டை வரைந்து, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டையை வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நகர்த்திப் பார்க்கிறேன். எந்த வாக்கியத்தில் கொட்டையை எங்கே நகர்த்துவது என்று எனக்கே தெரியவில்லையோ, அந்த வாக்கியத்தில்தான் வாசகர் தொலைந்துபோகிறார்.

நீங்கள் அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். சாவி வைத்திருப்பவரிடம் சொல்லிவிட்டு ஒரு மத்தியானம் உள்ளே போங்கள். இரண்டாம் கட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். அண்ணனை ஷூ போட்டுக்கொண்டு முன்வாசலிலிருந்து உங்களை நோக்கி நடக்கச் சொல்லுங்கள், அப்புறம் ஓடச் சொல்லுங்கள். பட்டாலையில் அந்தச் சத்தம் எப்படி, திறந்த முற்றத்தின் பக்கம் வரும்போது எப்படி, நிலைப்படியைத் தாண்டி உங்கள் கட்டுக்குள் வந்ததும் எப்படி என்று கேளுங்கள். சத்தம் எந்த இடத்தில் உங்களுக்கு முதுகைச் சிலிர்க்க வைக்கிறதோ, முத்துவை அங்கே தாழ்ப்பாளைப் பிடிக்க விடுங்கள்.

கதவு திறந்த பிறகு உங்கள் பிரதியில் அவன் இன்னும் ஒரு பக்கம் ஓடுகிறான். அதை நான் எடுத்துவிடுவேன். பின்தெருவின் வெயில், காலுக்கடியில் சுடுகிற செம்மண், எதிர்வீட்டுத் திண்ணையில் வற்றல் காயப்போடுகிற அம்மா நிமிர்ந்து பார்ப்பது, இவற்றுக்கு நிதானமான, நீளமான இரண்டு வாக்கியம். பெயரெச்சத்தை நீங்கள் ஆசைப்பட்டபடி அங்கே தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.